மூக்குக்கண்ணாடியும் முகப்படமும்

கல்லூரி மலர்களில் அதிபர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோரின் முகப்படங்கள் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. அவற்றுட் சிலவற்றில் மூக்குக்கண்ணாடி அணிந்தோரின் விழிகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெண்திட்டுகளே காணப்படும். இக்குறை எவ்வாறு உண்டாகின்றது, படம் பிடிக்கும்போதே அதனை எவ்வாறு தவிர்க்கலாம், பிடித்த பின் எவ்வளவுக்குத் திருத்தலாம் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பூச்சு இல்லாத கண்ணாடி வில்லையின் ஒவ்வொரு பரப்பும், தன்மீது படும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கைத் திருப்பி அனுப்பும். முன்னும் பின்னுமாக இரு பரப்புகள் உள்ளமையால் இது 8 பங்காகும். இது சிறு அளவே எனினும், திரும்புவது திறந்த வானத்தின் ஒளியாயின், புருவ நிழலில் இருக்கும் விழியை அஃது எளிதில் மூடிவிடும். 1935 ஆம் ஆண்டில் செருமனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் சுமாக்குலா என்பார் வில்லைகளுக்கு மெல்லிய பூச்சிட்டு இத்தெறிப்பைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். இன்று கண்ணாடிக் கடைகளில் தெறிப்புத் தடுப்புப் பூச்சு எனப்படுவது அவ்வழி வந்ததே. அப்பூச்சு உள்ள வில்லையிலும் பச்சை அல்லது ஊதா நிறச் சாயல் சிறிது எஞ்சும்.

தெறிப்பின் விதி யாவரும் பள்ளியிற் கற்றதே: படுகோணமும் தெறிகோணமும் சமம். ஆகவே ஒளி வரும் திசைக்கும் கமரா நிற்கும் திசைக்கும் நட்டநடுவே முகம் நோக்கினால், ஒளி முழுவதும் கமராவினுட் பாயும். இந்நடுத்திசையைத் தவிர்ப்பதே படம் பிடிப்பவர் செய்யவேண்டிய முதற் காரியம்.

கற்பிட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, அவர் வீட்டு விறாந்தையிற் காலை ஒன்பது மணிக்குப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். கற்பிட்டி ஒரு நீண்ட மணற் குடாநாடு. அதன் மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. காலை ஒளி களப்பின் பக்கமிருந்து வரும். முகம் நன்கு துலங்கட்டும் என்று ஆசிரியரைக் களப்பை நோக்கி இருத்தி, களப்புக்கு முதுகு காட்டி நாம் நின்றால், ஒளியும் கமராவும் ஒரே திசையில் அமைகின்றன. அவர் முகமும் அத்திசையையே நோக்குவதால், களப்பின் மேலுள்ள வானம் அப்படியே வில்லைகளில் ஏறிவிடும். கமராவுடன் இணைந்த மின்வெட்டொளியும் இதே காரணத்தாலேயே கெடுக்கின்றது.

இப்போது நாற்காலியைத் திருப்பி, களப்பு அவருக்கு இடப்புறத்தில் நேர்கோணத்தில் அமையுமாறு வைப்போம். கமராவின் பின்னால் இருப்பது இனி வீட்டின் நிழற்சுவரே. ஒளி 90 பாகையிலிருந்து வருவதால், முகம் களப்பின் பக்கம் 45 பாகை திரும்பினாற்றான் ஒளிர்வு உண்டாகும். அவர் கமராவை நேரே நோக்கினால் வில்லையில் இருண்ட சுவரே தெறிக்கும், விழிகள் தெளிவாகும். முகத்தின் வலப்பாதி இருள்வதைப் போக்க, அப்பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டாற் போதும்.

இன்னும் சிறிது ஒளிர்வு எஞ்சினால், கண்ணாடியின் காதுத்தண்டுகளைக் காதுக்கு மேலே சற்று உயர்த்தலாம். வில்லை கீழ்நோக்கி 5 பாகை சாய்ந்தால், தெறிக்கும் திசை அதன் இருமடங்காகிய 10 பாகை விலகும். தலையைக் குனியச் செய்வதினும் இது நன்று. ஆனால் மணற்பாங்கான ஊர்களில் இம்முறைக்கு ஓர் இடர் உண்டு. கீழே சாய்ந்த வில்லை வானத்தை விட்டு முற்றத்தைப் பார்க்கின்றது. வெயில் படிந்த வெண்மணலோ வானத்துக்குச் சளைத்ததன்று. வில்லைகளின் கீழ்விளிம்பில் வெண்பிறை போன்ற கோடு தோன்றினால், அது மணலின் செயலே என அறியலாம். முற்றத்தில் ஒரு கருந்துணியை விரித்தவுடன் அது மறையும்.

களப்பு நீரின் கூசொளியைத் தணிக்கும் முனைவாக்கக் கண்ணாடி இங்கும் உதவாதோ எனச் சிலர் வினவுவர். நீரிலிருந்து வெகுவாய்ச் சரிந்து தெறிக்கும் ஒளி ஒரு தளத்தில் அதிரும் இயல்பைப் பெறுகின்றது. அதனாலேயே அக்கண்ணாடி அதனைத் தடுக்கின்றது. நீருக்கு இவ்விளைவு உச்சமாவது செங்குத்திலிருந்து 53 பாகையளவில். எம்மை நேரே நோக்கும் மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒளி ஏறக்குறைய நேராகவே திரும்புவதால், அவ்வியல்பை அது பெறுவதில்லை. ஆதலின் முனைவாக்கி இங்குப் பெரும்பாலும் பயன்தராது.

இனி, பிடித்து முடிந்த படத்தைத் திருத்துவது பற்றிக் கூறுவோம். முதலில் ஒளிர்வு திரையா, சுவரா எனக் காணவேண்டும். கணினிப் படத்தில் கருமை 0 எனவும் முழுவெண்மை 255 எனவும் எண்ணப்படும். கண்மணி 20 ஆகவும் விழிவெண்மை 160 ஆகவும் இருக்கவேண்டிய இடத்தில், அவை முறையே 80, 220 எனக் காணப்பட்டால், தெறிப்பு ஏறக்குறைய 60 அளவுக்கு மேலே படிந்திருக்கின்றது. இது திரை. வில்லையின் பகுதியை மட்டும் தெரிந்து, கருமையெல்லையை இழுத்து அவ்வளவைக் கழித்தால் விழி மீளும். எவ்விடமும் 255 ஆகவே இருப்பின் அது சுவர். அதன் பின்னே மீட்பதற்கு ஒன்றும் இல்லை.

அத்தகைய இடத்துக்கு வேறொரு படத்திலிருந்தே விழியைப் பெறவேண்டும். ஆகையால், கமராவை முக்காலியில் நிறுத்தி, அசையாமல் இருக்கச் செய்து, கண்ணாடியுடன் ஒன்றும் கண்ணாடி இன்றி ஒன்றுமாக இரு படங்கள் எடுத்துக்கொள்வது நல்லது. திருத்தும் செயலியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணின் ஓரங்களைப் பொருத்தி, சட்டத்தின் உட்பகுதியில் மட்டும் இரண்டாவது படம் தெரியுமாறு செய்யலாம். இங்கு நுட்பம் ஒன்று உண்டு. கிட்டப்பார்வைக்கான வில்லை விழியைச் சிறிதாக்கிக் காட்டும்; மைனஸ் 4 வலுவுள்ள வில்லையில் இக்குறைவு ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு. எனவே ஒட்டும் விழியையும் அவ்வளவு சுருக்கவேண்டும். இன்றேல், காரணம் சொல்ல இயலாவிடினும், பார்ப்பவர் அம்முகத்தில் ஏதோ ஒவ்வாமையை உணர்வர்.

கண்ணாடியை முகத்திலிருந்தே அகற்றித் தருமாறு கேட்போரும் உளர். கண்ணாடியற்ற படம் இல்லாதவிடத்து இஃது அரிது. சட்டத்தின் நிழலையும் மூக்கின் தடத்தையும் அழிப்பதோடு அமையாது, வலுவான வில்லையூடே உள்நோக்கி விலகித் தோன்றும் கன்ன விளிம்பையும் புதிதாக வரையவேண்டும். அடையாளப் பத்திரங்களுக்கு இவ்வழி கூடாது. ஐக்கிய அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் கடவுச்சீட்டு, விசாப் படங்களிற் கண்ணாடியை விலக்கியது. அங்குத் திருத்திய படமும் ஏற்கப்படாது. கண்ணாடியைக் கழற்றி மீண்டும் படம் பிடிப்பதே முறை.

மறைந்த ஆசிரியர்களின் படங்களிலேதான் இவ்வினா கடினமாகின்றது. அவர்களை மீண்டும் நாற்காலியில் இருத்த இயலாது. திரை போன்ற ஒளிர்வாயின் தயங்காது நீக்கலாம். அங்கு மீள்வது அவருடைய விழியே. சுவராயின், அவருடைய அதே வயதுப் படம் பிறிதொன்று கிடைத்தால் அதிலிருந்து எடுத்து, இரு படங்கள் இணைக்கப்பட்டன எனக் கீழே குறிப்பிடுதல் வேண்டும். அதுவும் இல்லையேல், வெண்திட்டை அவ்வாறே விடுவது நேர்மை. ஊகித்து வரையும் விழி அவருடையதன்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து மலரைப் புரட்டும் மாணவனோ அதனை அவருடையதென்றே நம்புவான்.