கொல்லைப் பட்டறை – 7: விதைக்கடலையும் சிமென்ட் உருளையும்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் நாட்களில்தான் திருத்தணியைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் வேர்க்கடலை விதைக்கவும் ஆள் தேடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். காயில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் பருப்பு என்பதால், அதற்கு எழுபது கிலோவுக்கு மேல் காய் உரித்தாக வேண்டும். விதைக்கான காயை இன்றும் பலர் கையால்தான் உரிக்கிறார்கள். பெருவிரல் நகம் புண்ணாகிவிடும். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

இதே புண்ணான விரல்களை 2001இல் மாலி நாட்டுக் கிராமம் ஒன்றில் பார்த்தார் ஜாக் பிராண்டிஸ். தண்ணீர்ச் சுத்திகரிப்பு அமைப்பைப் பழுதுபார்க்கப் போனவர், உரிக்கும் கருவி ஒன்று அனுப்புவதாக அங்குள்ள பெண்ணிடம் சொல்லிவிட்டு அமெரிக்கா திரும்பினார். தேடினால், அந்தக் கிராமத்துக்கு ஏற்ற விலையில் அப்படியொரு கருவியே இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகக் கடலை நிபுணர் ஒருவர் பல்கேரிய வடிவமைப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதை மாற்றி மாற்றிப் பார்த்து பிராண்டிஸ் உருவாக்கியதுதான் கையால் சுற்றும் சிமென்ட் கருவி. மணிக்குச் சுமார் 50 கிலோ உடைக்கும்.

அமைப்பு எளிது. கூம்பு போன்ற சிமென்ட் கூட்டுக்குள் அதே வடிவில் ஒரு சிமென்ட் உருளை, நடுவில் இரும்பு அச்சு, மேலே கைப்பிடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து மேலே அகலம், கீழே குறுகல். கொட்டிய காய் உருண்டு இறங்கும்போது, தன் தடிமனுக்கு ஏற்ற இடத்தில் மாட்டி உடைகிறது. பெரிய காய் மேலே, சிறிய காய் கீழே. உடைந்த ஓடும் பருப்பும் அடி வழியாக விழுகின்றன.

சூட்சுமம் அடிச் சந்தில் இருக்கிறது. நம்மூர்க் கடலையில் ஒரு பிடி எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள். தடித்த பருப்பு 9 மி.மீ., மெலிந்த காய் 11 மி.மீ. என்றால், அடிச் சந்து 10 மி.மீ. இருக்க வேண்டும். அச்சிலுள்ள நட்டைத் திருகி உருளையை ஏற்றி இறக்கினால் சந்து மாறும். சுவர் செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்திருந்து, அச்சு எம்12 மரையாக இருந்தால், ஒரு சுற்றுக்கு உருளை 1.75 மி.மீ. நகரும், சந்து மாறுவது 0.3 மி.மீ.தான். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் இந்த நுணுக்கத்தைப் பட்டறைக்காரர்கள் ரசிப்பார்கள்.

முதல் வார்ப்பில் பெரும்பாலும் கெடுவது அச்சின் மையம். உடையாத காயும் நசுங்கிய பருப்பும் ஒரே நேரத்தில் விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்: ஒரு பக்கம் சந்து விரிந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் இறுகியிருக்கிறது. 10 மி.மீ. கம்பி ஒன்றை அடிச் சந்தில் சுற்றிலும் நான்கு இடங்களில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். உடையாத காய் மட்டும் விழுந்தால் நட்டைத் திருகினால் போதும். கலவையில் ஜல்லி வேண்டாம், சலித்த மணல் மட்டும். ஒரு வாரமாவது நனைத்துப் பதப்படுத்தியபின், வெறும் கடலைத் தொப்பியை ஒரு மூட்டை போட்டு ஓட்டுங்கள். உதிரும் மணலெல்லாம் அதோடு போய்விடும்.

காயின் பதமும் முக்கியம். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். ஈரக்காயின் ஓடு உடையாமல் வளையும். காய்ந்து முறுகியதில் தோல் உரிந்து பருப்பு இரண்டாகப் பிளக்கும். பிளவைக் குறைக்கத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உண்டு. தெளித்ததைக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

செக்குக்குப் போகும் கடலை பிளந்தால் பாதகமில்லை, உடனே ஆட்டிவிடலாம். விதைக்கு அப்படியில்லை. முளைக்குருத்து பருப்பின் முனையில்தான் இருக்கிறது. தோல் கீறியிருந்தாலே மண்ணில் அழுகும். ஆகவே மணிக்கு எத்தனை கிலோ என்பதை வைத்து இந்தக் கருவியை மதிப்பிடாதீர்கள். கருவி உடைத்ததில் முழுசாகத் தெரியும் நூறு பருப்பு, கையால் உரித்ததில் நூறு பருப்பு. இரண்டையும் தனித்தனி ஈரச் சாக்கில் சுருட்டி ஒரு வாரம் வைத்து, முளைத்தவற்றை எண்ணுங்கள். கையில் 90, கருவியில் 85 என்றால் விதையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். 60 என்றால் அப்போதைக்குக் கருவியைச் செக்குக் கடலைக்கு வைத்துக்கொண்டு, விதைக்கு அதை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்: உருளையின் மேல் ரப்பர் பட்டை ஒட்டிப் பார்க்கலாம், காயைச் சல்லடையில் இரண்டு தரமாகப் பிரித்துத் தனித்தனிச் சந்தில் ஓட்டலாம். நானாக இருந்தால் சல்லடையில்தான் தொடங்குவேன்.

மோட்டார் மாட்டலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். முளைப்புக் கணக்கு சரியாகும்வரை வேண்டாம். எங்கே இறுகுகிறது என்பது கைப்பிடியில் உடனே தெரியும்; மோட்டார் அதைச் சொல்லாமல் அரைத்துத் தள்ளும்.

தொப்பியையும் பருப்பையும் பிரிக்கும் விசிறி பற்றி அடுத்த வாரம்.