பிடித்த இடத்திலேயே விடுங்கள், ஐயா

எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமி நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். "மதிப்பிற்குரிய ஐயா, பால்பூத் நாய் குட்டி போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. குட்டிகள் பால்குடி மறந்த பிறகு பிடித்துப்போங்கள். ஊசி போட்டு இங்கேயே விட்டுவிடுங்கள்."

கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் அதுதான்: கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்ட நாய்க்கு இது பொருந்தாது. நாய்க்கு எல்லை உண்டு. பழகிய நாயை அப்புறப்படுத்தினால், ஊசி போடாத புதுநாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கருத்தடை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். பால்பூத் நாயின் இரண்டு காதுகளும் இன்னும் முழுசாகவே இருக்கின்றன.