மூன்று வரி அட்டவணையும் ஒரு முடிவும்

பள்ளி ஆய்வகப் பதிவேட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அட்டவணை எல்லாம் விரிவாக இருக்கும். கடைசியில் ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ‘சோதனை மூலம் நிரூபிக்கப்பட்டது.’ என்ன நிரூபணமானது, எந்த எண்ணால், அந்த எண் ஏன் அதைக் காட்டுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அது முடிவு. முதல் பதிலைக் கூற்று என்றும், இரண்டாவதைச் சான்று என்றும், மூன்றாவதைக் காரண விளக்கம் என்றும் அறிவியல் ஆசிரியர்கள் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள்.

மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க, லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1855-இல் வெளியிட்ட அட்டவணை நல்ல உதாரணம். 1854 கோடையில் அங்கே காலரா பரவியது. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் வீடுகளுக்குத் தண்ணீர் விற்றன. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரின் கழிவு கலந்த தேம்ஸ் நீரை பேட்டர்ஸீயில் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-லேயே நகரைத் தாண்டி மேலே தேம்ஸ் டிட்டனுக்குப் போய்விட்டது. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் கிடைத்த கணக்கு இது:

| தண்ணீர் | வீடுகள் | காலரா சாவுகள் | 10,000 வீட்டுக்கு |
|---|---|---|---|
| சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் | 40,046 | 1,263 | 315 |
| லாம்பெத் | 26,107 | 98 | 37 |
| லண்டனின் மற்ற பகுதிகள் | 2,56,423 | 1,422 | 59 |

எழுதத் தொடங்கும் முன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். கடைசி வரியில் 1,422-ஐ 2,56,423-ஆல் வகுத்தால் 10,000 வீட்டுக்கு 55தான் வருகிறது, அச்சில் 59. நல்லவேளையாக, முடிவு அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை.

முதலில் கூற்று. ‘அசுத்தமான தண்ணீர் கெடுதல்’ என்பது அட்டவணை இல்லாமலே சொல்லக்கூடியது. ‘கிருமிதான் காலராவுக்குக் காரணம்’ என்றால் அட்டவணையைத் தாண்டிவிடும். இதில் கிருமி எங்கே இருக்கிறது? இந்த எண்கள் தாங்கும் அளவு இவ்வளவுதான்: ‘பேட்டர்ஸீ தண்ணீர் குடித்த வீடுகளில், டிட்டன் தண்ணீர் குடித்த வீடுகளைவிட காலராச் சாவு பல மடங்கு அதிகம்.’

சான்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாவு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1,422 என்ற மூன்றாவது வரியே மிக மோசமாகத் தெரியும். ஆனால் அங்கே வீடுகள் ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே ஒப்பிட வேண்டியது 315-ஐயும் 37-ஐயும். இரண்டையும் எழுதி, ‘ஏறத்தாழ எட்டரை மடங்கு’ என்று சேர்த்தால் சான்று முடிந்தது. அட்டவணை முழுவதையும் மறுபடி வசனமாக எழுதத் தேவையில்லை.

கடினமானது மூன்றாவது. ‘315 என்பது 37-ஐவிடப் பெரியது, ஆகவே தண்ணீர்தான் காரணம்’ என்பது சான்றையே திருப்பிச் சொல்வது. படிப்பவர் உடனே கேட்பார்: அந்த வீடுகளில் ஏழைகள் அதிகமோ? நெரிசலோ? அக்காலத்தில் பலரும் நம்பியபடி கெட்ட காற்றோ? ஸ்னோவின் பதில் குழாயில் இருந்தது. பல தெருக்களில் இரு கம்பெனிக் குழாய்களும் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போயின. பணக்காரர், ஏழை, பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடில்லாமல் இரண்டுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். காற்றும் தெருவும் ஒன்றாக இருக்க, தண்ணீர் மட்டும் வேறு. இந்த வாக்கியம்தான் எண்ணையும் கூற்றையும் இணைக்கிறது.

எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று குடியிருப்போருக்கே பல நேரம் தெரியவில்லை. ஸ்னோ தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சேர்த்து உப்பின் அளவைப் பார்த்தார். ஒரு காலன் டிட்டன் நீரில் ஒரு கிரெயினுக்கும் குறைவான உப்பு. பேட்டர்ஸீ நீரில் 37.9 கிரெயின். சாவுகளை எந்தக் கம்பெனியின் கணக்கில் சேர்த்தார் என்பதை நம்ப இந்தச் செய்தி தேவை. எனவே இதுவும் காரண விளக்கத்துக்குள் வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. விளக்கம் பேசுவது குழாய்கள் கலந்த தெருக்களைப் பற்றி. அட்டவணையோ, இரு கம்பெனிகளின் எல்லா வீடுகளையும் கூட்டிச் சொல்கிறது. ஒரே கம்பெனி மட்டும் தண்ணீர் தந்த பகுதிகளும் அதில் அடக்கம். நேர்மையான முடிவில் இதற்கும் ஒரு வரி வேண்டும். 1856-இல் ஸ்னோவே பகுதிவாரியாகப் புதிய கணக்கை வெளியிட்டார்.