கம்பி நுழையும் துளைகள்: காலில் சட்டம் பூட்டியவர்கள் கவனிக்க வேண்டியவை

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலும் சதையும் கிழிந்துபோயிருந்தால், உடனே உள்ளே தகடு வைத்து மூடுவது பல நேரங்களில் ஆபத்து. அப்போது எலும்பில் கம்பிகளைத் திருகி, அவற்றின் வெளிமுனைகளைக் காலுக்கு வெளியே ஓர் உலோகத் தண்டில் பூட்டிவிடுகிறார்கள். இப்படிப் பூட்டும் கம்பி பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். காலைச் சுற்றி வளையங்கள் வரும் இலிசாரவ் சட்டம் வேறு வகை. 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரவ் அதை உருவாக்கினார். அதில் 1.8 மில்லிமீட்டர் அளவு மெல்லிய கம்பிகள் காலின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும். எந்த வகையானாலும் சில வாரங்களோ பல மாதங்களோ சட்டம் காலிலேயே இருக்கும். அவ்வளவு நாளும் கம்பி நுழையும் ஒவ்வொரு துளையும் மூடாத புண்தான்.

சாதாரண வெட்டுக்காயத்தில் தோலின் இரு ஓரங்களும் ஒட்டிக்கொண்டதும் கிருமிக்கு வழி அடைபட்டுவிடும். கம்பித் துளையில் அது நடக்காது. நடுவே இரும்பு நிற்கிறது, தோல் அதை ஒட்டிப் படியத்தான் முடியும். தோல் அசையாமல் இருந்தால் இந்தப் படிவே போதுமான காப்பு. அசைந்தால் தோல் கம்பியில் உராய்ந்து நீர் சுரக்கும். தேங்கும் நீரில் கிருமி வளரும். பெரும்பாலும் அது நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஆகவே துளையைச் சுத்தம் செய்வது பாதி வேலைதான், தோலை அசையாமல் வைப்பது மறுபாதி. பலரும் முதல் பாதியை மட்டுமே செய்கிறார்கள்.

எல்லாத் துளைகளும் ஒன்றல்ல. கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில், விரலால் தடவினாலே எலும்பு தட்டுப்படும் இடத்தில் சதை குறைவு, தோலும் அதிகம் நகராது. அங்குள்ள கம்பிகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. முழங்காலையோ கணுக்காலையோ ஒட்டிய கம்பிகள்தான் அடிக்கடி சீழ் பிடிக்கும், மூட்டை மடக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே தோல் இழுபடுவதால். எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து ஒன்று, இரண்டு என எண் வைத்துக்கொள்வது நல்லது. ‘இரண்டாவது கம்பியில் நீர் வருகிறது’ என்று சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் துளையில் ரத்தம் கலந்த நீரோ, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீரோ கசிவது இயல்பு. கசிவு நின்ற பிறகு எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்பதில் மருத்துவமனைகளுக்குள் ஒரே முறை இல்லை. சில இடங்களில் தினமும் சலைனால் துடைக்கச் சொல்வார்கள். வேறு சில இடங்களில் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினால் வாரம் ஒருமுறை போதும் என்பார்கள். எது மேல் என்று ஆய்வுகள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லப்பட்ட ஒரு முறையை மாற்றாமல் பின்பற்றுவதே சரி.

முறை எதுவானாலும் வரிசை ஒன்றுதான். சோப்பால் கை கழுவிக் காயவிட்டு, பழைய காஸ் துணியைக் கழற்றியதும் துடைக்கத் தொடங்காமல், நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையையும் முதலில் பார்க்க வேண்டும். துடைத்துவிட்டால் தடயம் போய்விடும். நன்றாக இருக்கும் துளையில் தொடங்கி, கசியும் துளையைக் கடைசியாகத் தொட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் புதுத் துணி வேண்டும், துளையின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். இழை பிரியும் பஞ்சு உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பதால் காஸ் துணியே ஏற்றது. உலர்ந்த பின் கம்பியைச் சுற்றிப் புதிய காஸை வைத்து, தோல் மேலே எழும்பாதபடி சற்று அழுத்திக் கட்ட வேண்டும். தோலை அசையாமல் வைப்பது இந்தக் கட்டுதான். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் துளையில் படக்கூடாது. அவை கம்பியைச் சுற்றி அப்பிக்கொண்டு, வெளியேற வேண்டிய நீரை உள்ளே அடைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு புதிதாக வளரும் தசையையே அரிக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு ஓடும் நீரில் குளிக்கலாம், குளம், ஆறு, கடல் கூடாது.

தொற்று எப்படித் தொடங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இடது காலில் நான்கு கம்பிகளோடு வீடு திரும்பியவர் ஒருவர். ஐந்தாவது வாரத்தில் அதிகம் நடக்கத் தொடங்குகிறார். முழங்காலை ஒட்டிய முதல் கம்பியில் மீண்டும் தெளிந்த நீர் கசிகிறது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. இது உராய்வு மட்டுமே. நடையைக் குறைத்துக் கட்டை இறுக்கினால் பெரும்பாலும் அடங்கும். அவர் நடையைக் குறைக்கவில்லை. இரண்டு நாளில் துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது, கசிவு மஞ்சளாகக் கெட்டியாகிறது, காலை ஊன்றினால் அந்த இடத்தில் மட்டும் வலிக்கிறது. இப்போது இது தொற்று. மற்ற மூன்று கம்பிகளும் அமைதியாக இருப்பதே அதற்கு நல்ல ஒப்பீடு.

அவர் அன்றே மருத்துவமனைக்குப் போகிறார். சீழை ஆய்வுக்கு எடுத்து, வாய்வழி ஆன்டிபயாடிக் தருகிறார்கள். கம்பியின் ஓரத்தில் இறுகி நின்ற தோலை மரத்துப்போகச் செய்து சிறிதாகக் கீறிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் கம்பியைச் சுற்றி எலும்பில் கருவளையம் இல்லை. சில நாட்களில் சிவப்பு குறைகிறது.

அந்தக் கருவளையம் இருந்திருந்தால் கதை வேறு. எலும்பு கரைந்து கம்பி தளர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். தளர்ந்த கம்பி அசையும், அசைவு தொற்றை வளர்க்கும், தொற்று மேலும் தளர்த்தும். மருந்தால் மட்டும் அதை நிறுத்த முடியாது, கம்பியை எடுத்து வேறு நல்ல இடத்தில் போட வேண்டும். செக்கெட்ஸ், ஆட்டர்பர்ன் ஆகியோர் பெயரில் வழங்கும் ஆறு படி அளவுகோலில் முதல் மூன்று படிகள் வரை சட்டத்தைக் காப்பாற்றலாம். நான்காம் படியில், பல துளைகளில் தொற்று பரவியபின், சட்டத்தையே கழற்ற நேரிடும். ஐந்தாம் படியில் தொற்று எலும்புக்குள் புகுந்துவிடுகிறது. பின்னர் எலும்புக்குள் கம்பி செலுத்தும் திட்டம் இருந்தால், சீழ் பிடித்த துளை மஜ்ஜை வரை கிருமியைக் கொண்டுபோகும் வழியாகிவிடும்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், பல துளைகளில் ஒரே நேரத்தில் சீழ், கையால் தொட்டாலே ஆடும் கம்பி, முழங்கால் மூட்டே வீங்கி மடக்க முடியாமல் போவது, இவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. கெண்டைக்காலே இறுகி வீங்கி வலித்தால் அது துளைத் தொற்றாக இல்லாமல் ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம், அதற்கும் அன்றே போக வேண்டும். வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுப் போனால் சீழ் ஆய்வில் கிருமி தெரியாமல் போகலாம். சட்டத்தின் திருகுகளைத் தாமாக இறுக்குவதும் கூடாது.

சட்டம் கழற்றிய பின் துளைகள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மூடிவிடும். அதற்குப் பிறகும் ஒரு துளையிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்தால், கம்பி இருந்த இடத்தைச் சுற்றி வளையம் போல எலும்புத் துண்டு செத்துக் கிடக்கலாம். அதுதான் அளவுகோலின் ஆறாம் படி. எக்ஸ்ரே எடுத்து, அந்தத் துண்டை நீக்கினால்தான் புண் ஆறும்.