ஐந்நூறு ரூபாய் வித்தியாசமும் ஒன்பது மணி நேரமும்

ஒரே ஊருக்கு இரண்டு விமானங்கள், கட்டண வித்தியாசம் ஐந்நூறு ரூபாய்தான். பயணம் ஒன்பது மணி நேரம். போவது கணவனும் மனைவியும். நேரத்தைப் பார்த்துவிட்டோம், விமான ரகத்தைப் பார்த்தோமா? டிக்கெட் விவரத்தில் 77W என்றிருந்தால் போயிங் 777. சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 3-4-3 என ஒரு வரிசைக்குப் பத்துப் பேர். இருக்கை அகலம் சுமார் 17 அங்குலம். 333 என்றிருந்தால் ஏர்பஸ் ஏ330. அதில் வழக்கமாக 2-4-2, அகலம் சுமார் 18. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்துக்காரர் முழங்கை இடிக்கும்போது தெரியும். தம்பதிக்கு இன்னொரு லாபம்: ஜன்னலோர ஜோடி இருக்கையில் மூன்றாமவர் கிடையாது.

அடுத்தது சீட் பிட்ச். உங்கள் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. பலர் அதைக் கால் நீட்டும் இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதுகுச் சாய்வின் தடிமனும் அதில் அடக்கம். 32 அங்குலத்தில் தடித்த பழைய மெத்தை இருக்கையும், 31-ல் மெல்லிய புது இருக்கையும் முழங்காலுக்கு ஏறத்தாழ ஒரே இடத்தைத் தரலாம். ஆனால் மெல்லியதில் மெத்தை குறைவு. ஐந்தாவது மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

நானாக இருந்தால் ஏ330-க்கு அந்த ஐந்நூறைக் கொடுப்பேன். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் இருக்கை வரைபடத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.