ஏற்றம் முடிந்ததைச் சார்ட்டில் எப்படிப் படிப்பது?

ஏறும் சந்தை நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஓர் உச்சத்தைத் தொட்டு, கொஞ்சம் இறங்கி, பிறகு அதைவிட உயர்ந்த உச்சத்துக்குப் போகும். நடுவே அது இறங்கி நிற்கும் பள்ளங்களும் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மேலேயே அமையும். இறங்குமுகத்தில் எல்லாம் தலைகீழ்: உச்சங்களும் பள்ளங்களும் படிப்படியாகத் தாழும். இந்த வரிசைக்கு மார்க்கெட் ஸ்ட்ரக்சர் என்று பெயர். வரிசை எங்கே குலைகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

2024ஆம் ஆண்டு நிஃப்டியை எடுத்துக்கொள்வோம். தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று அது 21,281 வரை விழுந்து எழுந்தது. ஆகஸ்ட் 1இல் 25,078 என்ற உச்சம். நான்கே நாளில் 23,894க்கு இறங்கினாலும் ஜூன் பள்ளத்துக்கு வெகு மேலேயே நின்றது. அங்கிருந்து கிளம்பி, செப்டம்பர் 27இல் 26,277 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. ஏற்றம் உயிரோடு இருக்க வேண்டுமானால் 23,894 உடையக்கூடாது. புதிய உச்சத்துக்கான பயணம் தொடங்கிய இடம் அது.

நவம்பர் 4 அன்று நிஃப்டி நாளின் நடுவே 23,816 வரை போனது. ஆனால் 23,995இல் முடிந்தது. அடுத்த இரண்டு நாளும் ஏறியது. இதனால்தான் நாளின் முடிவு விலையைப் பார்க்கச் சொல்கிறார்கள். கணநேரம் எட்டிப்பார்ப்பதை உடைப்பாக எடுத்துக்கொண்டால் அடிக்கடி ஏமாற வேண்டியிருக்கும். நவம்பர் 13 அன்று நிலைமை வேறு: முடிவு விலை 23,559. பள்ளம் ஐயத்துக்கு இடமின்றி உடைந்தது.

அந்த ஒரு முறிவு எச்சரிக்கைதான். தீர்ப்பு அல்ல என்பது என் எண்ணம். நவம்பர் 21இல் 23,263 வரை இறங்கிய நிஃப்டி, டிசம்பர் 5இல் 24,858 வரை துள்ளியது. முறிவைப் பார்த்து விற்றவர்களுக்கு அது கசப்பான இரண்டு வாரம். ஆனாலும் அந்தத் துள்ளல் 26,277ஐ நெருங்கக்கூட இல்லை. முதன்முறையாக உச்சம் தாழ்ந்தது. 2025 ஜனவரி 13இல் 23,263க்குக் கீழே முடிந்தபோது பள்ளமும் தாழ்ந்தது. அதன்பிறகு இறங்குமுகத்தை மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

எந்தப் பள்ளத்தைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செப்டம்பரில் 24,753 அருகே ஒரு சிறு பள்ளம் இருந்தது. அது அக்டோபரிலேயே உடைந்துவிட்டது. சில வாரங்களுக்கு மட்டும் வாங்கி விற்பவருக்கு அதுவே போதுமான சைகை. மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு ஆகஸ்ட் பள்ளமே எல்லை. முதலில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு, விலை நெருங்கும்போது மற்றொன்றுக்குத் தாவுவதுதான் பணத்தைக் கரைக்கிறது.

இந்த முறை உச்சத்தில் விற்கக் கைகொடுக்காது. நவம்பர் முறிவு தெரிந்தபோது உச்சத்திலிருந்து பத்து சதவீதம் போயிருந்தது. திரும்பும்போதும் அப்படித்தான்: 2025 ஏப்ரல் 7இல் 21,744 வரை விழுந்த நிஃப்டி, மார்ச் மாத உச்சமான 23,870ஐத் தாண்டி ஏப்ரல் 21இல் 24,125இல் முடிந்த பிறகே இறக்கத்தின் வரிசை உடைந்தது.