அரைக் கிலோ கேக்கின் பயணம்

மாலை ஆறு மணி. பேக்கரி வாசலில் டீக்கூட்டம். முட்டை பஃப்ஸ் தட்டு காலியாகிக்கொண்டிருக்கிறது. அந்த நெரிசலுக்குள் ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணா, நாளைக்கு ஒரு பிளாக் ஃபாரஸ்ட், அரைக் கிலோ. காவ்யான்னு பேர் எழுதணும்" என்கிறார். கவுன்டர்காரர் பில் புத்தகத்தில் தமிழில் கிறுக்கிக்கொள்கிறார். உள்ளே ஐசிங் போடுகிறவர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுகிறார். மறுநாள் பெட்டியைத் திறந்தால், ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ஐ.

கற்பனைக் காட்சிதான். ஆனால் பேக்கரி நடத்துகிற யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

தப்பு யார் மேல் என்று தேடினால் ஐசிங்காரர்தான் மாட்டுவார். அது எங்கே பிறந்தது என்று காட்டுவதற்குத்தான் 'வாடிக்கையாளர் பயண வரைபடம்' இருக்கிறது. ஒருவர் கடையை நினைத்த நொடியிலிருந்து வீட்டில் கேக் வெட்டி முடிக்கும்வரை நடப்பதை வரிசையாக ஒரு தாளில் போடுவது. இதற்கு நெருங்கிய உறவுக்காரர் ஒன்று உண்டு: 1984-இல் லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, வாடிக்கையாளர் கண்ணில் படும் வேலையையும் படாத வேலையையும் ஒரு கோடு போட்டுப் பிரித்துக் காட்டிய சேவை வரைபடம். பேக்கரிக்கு அந்தக் கோடு அப்படியே பொருந்தும். கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அடுப்படிப் பக்கம் இன்னொன்று.

ஒரு சார்ட் தாள் போதும். மேலே இடமிருந்து வலமாகப் படிகள்: வாட்ஸ்அப்பில் கேக் படம் பார்ப்பது, ஆர்டர் சொல்வது, அட்வான்ஸ் கொடுப்பது, காத்திருப்பது, வாங்கிப் போவது, வெட்டுவது. ஒவ்வொரு படிக்கும் கீழே மூன்று வரி. கடையோடு தொடர்பு ஏற்படும் இடம் எது, அப்போது மனநிலை எப்படி, நோகும் இடம் எது. மனநிலையை ஏறி இறங்கும் கோடாகப் போட்டால், பள்ளம் கண்ணில் குத்தும்.

இதை முதலாளி கல்லாவில் உட்கார்ந்து மனக்கணக்காகப் போட்டால், அவர் கடையை எப்படி நினைக்கிறாரோ அதுதான் வரும். இரண்டு மாலை கவுன்டருக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். அண்மையில் கேக் வாங்கிய ஏழெட்டுப் பேரிடம், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காமல், "ஆர்டர் குடுத்ததுலேருந்து என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டீ குடிக்க வருகிறவரின் பயணம் வேறு; அதை இதே தாளில் கலந்தால் இரண்டும் குழம்பிவிடும்.

காவ்யாவின் அம்மாவுக்கு வரைந்தால் முதல் பள்ளம் ஆர்டர் கொடுக்கும் இடத்திலேயே விழுகிறது. கூட்டத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது; சரியாக எழுதிக்கொண்டார்களா என்ற சந்தேகத்தோடு திரும்புகிறார். பெயர் மூன்று கை மாறியதும் இங்கேதான். மருந்து எளிது. சின்னச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, கேக்கில் வர வேண்டிய எழுத்தை அவரையே எழுதச் சொல்வது. அந்தச் சீட்டே ஐசிங் மேசைக்குப் போக வேண்டும், நகல் அல்ல.

இரண்டாவது பள்ளம் காத்திருக்கும் நேரம். கடைக்காரரைப் பொறுத்தவரை அப்போது எதுவும் நடக்கவில்லை. அதனால் அவர் வரையும் தாளில் அந்தப் படியே இருக்காது. அம்மாவோ மதியத்திலிருந்து இரண்டு முறை போன் செய்து, "ரெடியாண்ணா?" என்று கேட்கிறார். கேக் முடிந்ததும் பெட்டியில் வைக்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பினால் அந்தக் கவலை தீரும். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும்.

மூன்றாவது, பைக் பயணம். பெட்டியை டேங்க் மேல் வைத்து இரண்டு வேகத்தடை தாண்டினால் கேக் ஒரு பக்கமாகச் சாயும். வெயிலில் கிரீம் இளகும். அட்டையில் கொஞ்சம் கிரீம் தடவி அதன் மேல் கேக்கை உட்காரவைத்தால் நகர்வது குறையும். வெயிலுக்குக் கடைக்காரர் என்ன செய்ய முடியும்? சாயங்காலம் வந்து வாங்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

எல்லாப் பள்ளத்தையும் ஒரே நாளில் தூர்க்க முடியாது. எதை முதலில் எடுப்பது? உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே உதவும். குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கை வைப்பது ஒரு முறை; அதே ஒரு நிமிடத்தோடு, குளிர் சற்றே குறைந்த நீரில் இன்னும் 30 விநாடி சேர்த்து வைப்பது இன்னொரு முறை. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே எடுத்தார்கள். அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் நினைவில் அது லேசாகப் பதிந்திருந்தது. கேக்குக்கு முடிவு, பெட்டி திறக்கும் நொடி. ஆகவே பெயரும் சாய்வும் முதலில். டீக்கூட்டத்து நெரிசல் பிறகு.

மாற்றம் பலித்ததா என்று அறியக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தினக்காலண்டரே போதும். "ரெடியா?" என்று வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு கோடு, திருத்திக் கொடுத்த ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு வட்டம். சீட்டு முறை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கோடு போடத் தொடங்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.